கான்ட்ராக்ட் முடிந்து கேம்ப் ரூமை விட்டுக் கிளம்புகிறவர்களுக்கு

சார்ஜாவில் சஜ்ஜா பக்கம் ஒரு லேபர் கேம்ப்பில், எட்டுப் பேர் ரூமில், ஏழு வருடம் இருந்துவிட்டு ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். ஏசி டக்ட் வேலை. கம்பெனிக்குப் புது புராஜெக்ட் கிடைக்கவில்லை, அதனால் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. அதே ரூமில் இன்னும் இரண்டு பேருக்கு அடுத்தடுத்த மாதங்களில் கான்ட்ராக்ட் முடிகிறது. அவர்கள் போனில் என்னிடம் கேட்பது எல்லாமே ஒரே மாதிரி கேள்விகள்: சீட்டை என்ன பண்ண, கடனை எப்படி முடிக்க, எல்லாரும் கொடுக்கிற சாமானை எப்படிக் கொண்டுபோக. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

ஆபீஸில் ரின்யூவல் இல்லை என்று சொன்ன அன்றைக்கே ரூமில் சொல்லிவிடுங்கள். பலர் கடைசி வாரம்வரை வாயைத் திறக்க மாட்டார்கள். வேலை போகிறது என்று சொல்லக் கூச்சம், அல்லது வேறு கம்பெனி கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை. ஆனால் ரூம் என்பது எட்டுக் கட்டில் மட்டும் இல்லை, அதற்குள் பணம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மெஸ் காசு, கிராசரி கடையில் பற்று, மாதச் சீட்டு, ஆளுக்கு ஆள் கைமாற்று. ஒருவர் கிளம்புகிறார் என்றால் இது எல்லாவற்றிலும் ஒரு ஓட்டை விழும், அதை அடைக்க மற்றவர்களுக்கு இரண்டு சம்பளமாவது வேண்டும். நான் முதலில் சொன்னது எங்கள் ரூமில் மெஸ் கணக்கும் சீட்டும் பார்க்கிற அண்ணனிடம். அவர் அறந்தாங்கிக்காரர், பைப் ஃபிட்டர். விஷயத்தைச் சொன்னதும், "சரி தம்பி, நோட்டை எடு"ன்னுதான் சொன்னார். ஆறுதல் வார்த்தை எல்லாம் அப்புறம்தான் வந்தது. எனக்கு அன்றைக்கு அதுதான் தேவையாகவும் இருந்தது.

சீட்டுதான் பெரிய விஷயம், அதை முதலில் சொல்கிறேன். எங்கள் சீட்டு பத்துப் பேர், மாதம் ஆளுக்கு 500 திர்ஹம், குலுக்கலில் யார் பெயர் விழுகிறதோ அவருக்கு அந்த மாதம் 5000. ஏலமும் இல்லை, கமிஷனும் இல்லை. நான் நான்காவது மாதமே எடுத்துவிட்டேன், ஊரில் வீட்டுக்கு கான்கிரீட் போட. நான் கிளம்பும்போது ஏழு மாதம் முடிந்திருந்தது, மீதி மூன்று மாதம், அதாவது 1500 திர்ஹம் நான் கட்ட வேண்டியது. எடுத்தவன் கிளம்பிப் போய்விட்டால் மிச்சம் எடுக்காத மூன்று பேரின் பணத்தில் ஒவ்வொரு மாதமும் 500 குறையும். ஊரிலிருந்து மாதாமாதம் அனுப்புகிறேன் என்று சொல்வதை யாரும் நம்ப வேண்டியதில்லை, சொல்கிறவர் நல்லவராக இருந்தாலும். ஊருக்குப் போனதும் செலவு எப்படி வந்து நிற்கும் என்று அங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அதனால் மூன்று மாதத்துக் காசையும் முன்கூட்டியே கொடுத்தேன், ஆனால் அண்ணனின் கையில் தனியாகக் கொடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ரூமில் இருக்கும்போது, இன்னும் எடுக்காத மூன்று பேரும் பார்க்க எண்ணிக் கொடுத்து, நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து ரூம் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோம். அண்ணன் மேல் சந்தேகம் இல்லை. அவருக்கே திடீரென்று ஒரு அவசரம் வந்தால், இது யாருடைய பணம் என்று எழுத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவரும் அதைத்தான் விரும்பினார்.

எடுக்காமல் கிளம்புகிறவருக்கு நிலைமை வேறு. போன வருடம் எங்கள் ரூமிலிருந்து ஒரு ராமநாதபுரத்துப் பையன் ஏழு தவணை கட்டிவிட்டு, பெயர் விழாமலே கிளம்ப வேண்டி வந்தது. அவன் கட்டியது 3500. அதை சீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்க முடியாது, ஏனென்றால் சீட்டில் பணம் எப்போதும் தங்குவதில்லை, வந்த அன்றே ஒருவர் கைக்குப் போய்விடுகிறது. அவனுடைய இடத்தை வேறு யாராவது 3500 கொடுத்து வாங்க வேண்டும். ஒரே ஆளிடம் அவ்வளவு காசு இல்லை. கடைசியில் இரண்டு பேர் சேர்ந்து ஆளுக்கு 1750 போட்டு இடத்தை வாங்கினார்கள், மீதி மூன்று தவணையும் பாதிப் பாதி, பெயர் விழும்போது 2500 வீதம். இதற்கு அவர்கள் ஒத்துக்கொள்ளக் காரணம் அவன் இரண்டு மாதத்துக்கு முன்பே சொன்னதுதான். கடைசி வாரம் சொல்லியிருந்தால் அவன் பணம் அங்கேயே நின்றிருக்கும். இந்த மாதிரி சீட்டுக்கு சட்டத்தில் எந்தப் பிடிமானமும் கிடையாது, யாரிடமும் போய்ப் புகார் சொல்ல முடியாது. அதனால் அதற்குப் பிறகு எங்கள் ரூமில் ஒரு வழக்கம் வைத்தோம்: புதுச் சீட்டு ஆரம்பிக்கும்போது எல்லாரும் கான்ட்ராக்ட் முடியும் தேதியைச் சொல்ல வேண்டும், சீட்டு முடிகிற மாதத்துக்கு முன் கான்ட்ராக்ட் முடிகிறவர் மட்டும் குலுக்கலுக்குக் காத்திருக்காமல் முதல் பாதியில் எடுத்துக்கொண்டு, கிளம்பும் முன் மீதியைக் கட்டிவிட வேண்டும். நான் நான்காவது மாதம் எடுத்ததும் அப்படித்தான்.

கைமாற்றுக் கடனில் பேச வேண்டிய முதல் விஷயம் எந்தக் காசில் என்பது. ரூமில் ஒரு தம்பிக்கு அவன் அப்பா ஆபரேஷனுக்காக 2000 திர்ஹம் கொடுத்திருந்தேன், 800 திருப்பிக் கொடுத்துவிட்டான், 1200 பாக்கி. கொடுத்த காலத்தில் திர்ஹம் 22 ரூபாய் சுமார், நான் கிளம்பும்போது 24 பக்கம் வந்துவிட்டது. ரூபாயில் கணக்குப் பார்த்தால் ஒரு தொகை, திர்ஹமில் பார்த்தால் வேறு தொகை. பின்னால் போனில் இதைப் பேசினால் மனசு கசந்துபோகும். நாங்கள் திர்ஹம் என்றே வைத்துக்கொண்டோம், அவன் சம்பாதிப்பது திர்ஹமில், அவனுக்கு அதுதான் பாரம் தெரிகிற கணக்கு. மாதம் 200 தருகிறேன் என்றான். ஆனால் எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு தடவை அனுப்பவும் 20 திர்ஹம் அளவில் கட்டணம் போகும், 200க்கு 20 என்பது அநியாயம். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை 400 என்று மூன்று தவணையாக மாற்றினோம். அவனுடைய அண்ணன் ஊரில் என் கணக்கில் ரூபாயாகப் போட்டுவிடலாம், அன்றைய எக்ஸ்சேஞ்ச் விலைக்கு என்றும் ஒரு வழி வைத்தோம். எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் ஆள் மூலம் கள்ளத்தனமாக அனுப்புகிற உண்டியல் வேண்டவே வேண்டாம், கொஞ்சம் காசு கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காக இரண்டு நாட்டுச் சட்டத்திலும் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். சின்னச் சின்ன பாக்கி, ஐம்பது நூறு, விட்டுவிடலாம் என்று தோன்றினால் விடுங்கள். ஆனால் அதை எல்லாரும் இருக்கும்போது "நீ தர வேண்டாம்பா" என்று சொல்லாதீர்கள். அவன் நாளையும் அதே ரூமில் இருக்கப் போகிறவன். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் போதும். அதே போல நீங்கள் தர வேண்டிய பாக்கி இருந்தால், கிராசரி கடைப் பற்று உட்பட, கடைசி வாரம் கடைக்காரரிடம் நேரில் போய் நோட்டில் உங்கள் பெயரை அடித்துவிட்டு வாருங்கள். நீங்கள் போனபிறகு உங்கள் பெயரில் பாக்கி நின்றால் அவர் கேட்பது உங்கள் ரூம்காரர்களிடம்தான்.

அப்புறம் கம்பெனிக் கணக்கு. இதை ஏன் ரூம் விஷயத்தோடு எழுதுகிறேன் என்றால், செட்டில்மென்ட் பேப்பரை ஆபீஸில் நின்றுகொண்டு படித்தால் ஒன்றும் புரியாது. பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள், எழுதுகிறவர் பேனாவை நீட்டிக்கொண்டே இருப்பார். போட்டோ எடுத்து ரூமுக்குக் கொண்டுவந்து, கட்டிலில் உட்கார்ந்து, தெரிந்தவரோடு பார்க்க வேண்டும். எங்கள் ரூமில் ஸ்டோரில் வேலை பார்க்கிற ஒரு மலையாளி சேட்டன் இருந்தார், பாலக்காடு, தமிழ் நன்றாகப் பேசுவார், கணக்கில் கெட்டி.

எமிரேட்ஸ் சட்டத்தில் கிராஜுவிட்டி அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான், மொத்தச் சம்பளத்தின் மேல் இல்லை. எனக்கு மொத்தம் 1400, அதில் பேசிக் 900. ஒரு நாளைக்கு 30 திர்ஹம். முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் சம்பளம், ஐந்துக்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் 30 நாள். அப்படியானால் எனக்கு ஐந்து வருடத்துக்கு 105 நாள், அடுத்த இரண்டு வருடத்துக்கு 60 நாள், மொத்தம் 165 நாள், 4950 திர்ஹம் வர வேண்டும். கம்பெனி கொடுத்த பேப்பரில் 4410 இருந்தது. சேட்டன் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஏழு வருஷத்துக்கும் 21 நாள் போட்டிருக்காங்க" என்றார். 540 திர்ஹம் வித்தியாசம். மறுநாள் போய், சண்டை போடாமல், அவர் எழுதிக் கொடுத்த கணக்கைக் காட்டினேன். கொஞ்சம் முகம் சுளித்தார்கள், மாற்றிக் கொடுத்தார்கள். எடுக்காத லீவுக்கும் காசு உண்டு, அதுவும் பேசிக்கின் மேல், அது இருக்கிறதா என்று பாருங்கள். சம்பளம் இல்லாமல் லீவில் இருந்த நாட்கள் சர்வீஸில் சேராது, ஊரில் அதிக நாள் நின்றவர்கள் அதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட வேண்டும். 2022 பிப்ரவரியில் வந்த புதுச் சட்டப்படி கான்ட்ராக்ட் முடிந்து 14 நாளுக்குள் எல்லா பாக்கியும் கொடுக்க வேண்டும், வேறு கம்பெனிக்கு மாறாமல் ஊருக்குத் திரும்புகிறவரின் டிக்கெட்டும் கம்பெனி பொறுப்பு.

விசா கேன்சலேஷன் பேப்பரில் "எனக்கு வர வேண்டியது எல்லாம் வாங்கிவிட்டேன்" என்று ஒரு வாசகம் இருக்கும். காசு சம்பளக் கார்டில் ஏறாமல் அதில் கையெழுத்துப் போடக் கூடாது. எங்கள் பிளாக்கில் ஒருவருக்கு, கையெழுத்துப் போட்டால்தான் டிக்கெட் என்று சொல்லி, கிளம்புகிற அன்று மாலை வாங்கிக்கொண்டார்கள். ஊருக்கு வந்தபிறகு பாதிக் காசுதான் வந்தது. அவர் கையெழுத்துப் போட்ட பேப்பரே அவருக்கு எதிராக நிற்கிறது, இனி அவர் யாரைப் பார்ப்பது. இப்படி நெருக்கினால் அங்கே இருக்கும்போதே தொழிலாளர் அமைச்சகத்தின் 600590000 எண்ணுக்குப் பேசலாம். துபாயில் நம் துணைத் தூதரகத்தின் உதவி மையம் இருக்கிறது, 80046342, கட்டணம் இல்லாத எண், சார்ஜாவில் இருப்பவர்களுக்கும் அதுதான். விமானம் ஏறும் முன் பேசினால் ஒரு வழி பிறக்கும்.

கையெழுத்துக்கும் எமிரேட்ஸ் ஐடியைக் கொடுப்பதற்கும் நடுவில் செய்ய வேண்டிய வேலை இரண்டு. ஒன்று, கார்டில் ஏறிய காசை எடுத்து எக்ஸ்சேஞ்சில் ஊருக்கு அனுப்பிவிடுவது. ஐடி கையில் இல்லாவிட்டால் அங்கே காசு அனுப்புவது பெரும்பாடு, பிறகு ரூம்காரர் ஒருவர் பெயரில் அனுப்பச் சொல்லிக் கெஞ்ச வேண்டும், அவருக்கும் அது தலைவலி. இரண்டாவது சிம். எங்கள் ரூமில் ஒரு நேபாளித் தம்பி என் நம்பரைக் கேட்டான், பழைய நம்பர், நல்ல பேக்கேஜ் இருந்தது. கொடுக்கவில்லை. அவன் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. சிம் என் ஐடியில் இருக்கிறது, அவன் தொலைத்தாலும், அவனிடமிருந்து வேறு யாராவது வாங்கி எதற்காவது பயன்படுத்தினாலும், கேஸ் என் பெயரில் நிற்கும். திரும்ப வேலைக்குப் போகிற அன்று ஏர்போர்ட்டில்தான் அது தெரியும். இதை அவனுக்கு உட்காரவைத்து விளக்கினேன், புரிந்துகொண்டான். கடைக்குப் போய் லைனை கேன்சல் செய்துவிட்டு, மிச்சமிருந்த காசில் அவனுக்கு அவன் பெயரிலேயே ஒரு பேக்கேஜ் போட்டுக் கொடுத்தேன். போனைத் தவணையில் எடுத்தவர்கள், பேங்க் லோன் உள்ளவர்கள் அதை முடிக்காமல் வரவே கூடாது. கேன்சலேஷன் பேப்பர், கான்ட்ராக்ட், விசா எல்லாவற்றுக்கும் ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கம்பெனியில் கேட்பார்கள். ஊருக்கு வந்ததும் என்ஆர்இ கணக்கை பேங்க்கில் சொல்லி மாற்ற வேண்டும், அது தனி வேலை.

இனி கட்டில். வெளியில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம். எட்டுப் பேர் இருக்கும் ரூமில் கீழ்க்கட்டில் என்பது ஒருவருக்குக் கிடைக்கிற மிகப் பெரிய சௌகரியம். மேல்கட்டிலில் ராத்திரி ஏறி இறங்க வேண்டும், ஏசிக் காற்று நேரே முகத்தில் அடிக்கும், கீழே இருப்பவர் புரண்டால் கட்டில் ஆடும். என்னுடையது கதவுக்குத் தள்ளி மூலையில் இருந்த கீழ்க்கட்டில். எங்கள் ரூமில் கரீம்நகர் பக்கத்து தெலுங்கானா அண்ணன் ஒருவர், வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலி, ஆறு வருடமாக மேல்கட்டில். வாய்விட்டு ஒரு நாளும் கேட்டதில்லை. நான் கிளம்புகிறேன் என்றதும் அந்தக் கட்டில் அவருக்குத்தான் என்று ரூமில் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் ரூம் முடிவு செய்தால் மட்டும் போதாது. கேம்ப்பைப் பார்த்துக்கொள்கிற கேம்ப் பாஸின் லிஸ்டில் காலியாவது என் கட்டில் நம்பர். புதிதாக வருகிறவரை அதில் போடச் சொல்லி அனுப்பிவிடுவார், வந்தவர் துண்டுச் சீட்டைக் காட்டி இது என் இடம் என்பார், அவர் மேலும் தப்பில்லை. அதனால் பத்து நாள் முன்பே நான் மேலே ஏறிக்கொண்டேன், அண்ணனைக் கீழே இறக்கினேன். கேம்ப் பாஸிடம் இரண்டு பேரும் சேர்ந்து போய் லிஸ்டில் நம்பரை மாற்றிவிட்டோம். முதல் நாள் ராத்திரி அண்ணன் இரண்டு மூன்று தடவை எழுந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் படுத்தார், கால் தரையில் படுகிறது என்று சிரித்தார். கடைசிப் பத்து நாள் எனக்கு மேல்கட்டிலில் தூக்கம் குறைச்சல்தான், பரவாயில்லை.

மெத்தையைக் கொடுக்கும் முன் மூட்டைப்பூச்சி பார்க்க வேண்டும். மெத்தையின் தையல் ஓரத்திலும், கட்டில் இரும்புக் குழாய் சேருகிற இடத்திலும் மிளகுப் பொடி தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். அந்த மெத்தையை யாருக்கும் கொடுக்காதீர்கள், வெளியே போட்டுவிடுங்கள். ஊருக்கும் அது வரும், பெட்டி வழியாக. கட்டிலுக்கு அடியில் வருடக்கணக்கில் கிடந்த பெட்டியில் துணியை அடுக்கி வீட்டுக்குள் கொண்டுவந்து, வீடு முழுக்கப் பூச்சி பரவி, மனைவியிடம் தலைகுனிந்து நின்றவர்களை எனக்குத் தெரியும். பெட்டியை மொட்டை வெயிலில் திறந்து வைத்து, தையல் ஓரமெல்லாம் துடைத்து, கொண்டுபோகிற துணியைச் சுடுதண்ணீரில் துவைத்து, காய்ந்ததும் பிளாஸ்டிக் கவரில் கட்டி அடுக்குங்கள். ரைஸ் குக்கர், அயர்ன் பாக்ஸ், வாளி, கட்டில் திரை எல்லாம் புதிதாக வருகிறவருக்கு என்று ரூமிலேயே விட்டுவிட்டேன். ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டுக் கடனோடு வருகிறவனுக்கு முதல் மாதம் வாளி வாங்கக் கூடக் காசு இருக்காது. ஃபிரிட்ஜ் நான்கு பேர் பங்கு போட்டு வாங்கியது, என் பங்கைக் கேட்கவில்லை. கேட்டு வாங்குவதிலும் தப்பு எதுவும் இல்லை, முன்பே பேசியிருந்தால்.

கிளம்புகிறவனின் பெட்டியில் ரூமே ஏறும். பால் பவுடர், பேரீச்சம்பழம், பாதாம், தைலம், சென்ட், பிள்ளைக்கு ஒரு பொம்மை. மாட்டேன் என்று சொல்ல மனசு வராது, சொல்லவும் கூடாது, ஏனென்றால் நான் ஒவ்வொரு தடவையும் அடுத்தவர் பெட்டியில் கொடுத்து விட்டிருக்கிறேன். ஆனால் 30 கிலோ 30 கிலோதான். ரூமில் தமிழ்நாட்டுக்காரர்கள் என்னைத் தவிர நான்கு பேர், ஆளுக்கு மூன்று கிலோ என்று முதல் வாரமே சொல்லிவிட்டேன். தொங்கு தராசில் எல்லார் முன்னாலும் நிறுத்து வாங்கினேன், கூடினால் என்ன எடுப்பது என்று கொடுத்தவரே முடிவு செய்தார். ஏர்போர்ட்டில் போய், எதை எடுத்து வீசுவது, யாருடையதை வீசுவது என்று தடுமாறுவதை விட இது நல்லது. பார்சல் எதையும் ஒட்டி மூடி வாங்கவில்லை. திறந்து காட்டச் சொல்லி, கொடுத்தவர் கையாலேயே என் பெட்டியில் அடுக்கவைத்தேன், என்னென்ன என்று போட்டோ எடுத்துக்கொண்டேன். பவர் பேங்க்கை மட்டும் கைப்பைக்கு மாற்றினேன். அட்டைப்பெட்டி கட்டுகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், துபாய் ஏர்போர்ட்டில் 2017 முதல் ஒரு பக்கமாவது தட்டையாக இல்லாத மூட்டையை எடுப்பதில்லை, போர்வையில் சுற்றி உருண்டையாகக் கட்டிய மூட்டை எல்லாம் திரும்பி வரும்.

பக்கத்து பிளாக்கிலிருந்து முகம் மட்டும் தெரிந்த ஒருவர் வந்து, ஒரு செயின், திருச்சி ஏர்போர்ட்டுக்கு வெளியில் என் மச்சான் வாங்கிக்குவார், செலவுக்குக் காசு தருகிறேன் என்றார். கிளம்புகிறவர்களைத் தேடித்தான் இவர்கள் வருவார்கள். கஸ்டம்ஸில் பெட்டியும் பாஸ்போர்ட்டும் யாருடையதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும், வெளியில் நிற்கிற மச்சான் அந்த நேரம் போனை எடுக்க மாட்டார். நான் பேசுவதற்குள் அறந்தாங்கி அண்ணனே, "தம்பி எதுவும் எடுத்துட்டுப் போகலை, கிளம்புங்க" என்று அனுப்பிவிட்டார். தனியாக இருக்கும்போது கேட்டால் மறுப்பது கஷ்டம். ரூமில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் அவர்களே உங்களுக்காகப் பேசுவார்கள்.

விடைபெறுவதைக் கடைசி ராத்திரிக்கு என்று வைக்காதீர்கள். கேம்ப்பில் எல்லாரும் ஒரே நேரத்தில் விழித்திருப்பது என்பதே கிடையாது. காலை நாலு மணிக்கு எழுந்து, பாத்ரூமுக்கு வரிசையில் நின்று, ஐந்துக்குள் பஸ் ஏறுகிறவர்கள் ராத்திரி ஒன்பதுக்குப் படுத்துவிட வேண்டும். நைட் ஷிப்ட்காரர்கள் பகலில் தூங்குவார்கள். கம்பெனி வண்டி எப்போது வரும் என்பதும் கடைசி வரை தெரியாது. அதனால் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறன்று மத்தியானம் எல்லாரும் சேர்ந்து சமைத்தோம். மட்டன் நான் வாங்கினேன், தாளித்தது சேட்டன், வெங்காயம் உரித்தது அந்த நேபாளித் தம்பி. அன்றைக்கே எல்லாரிடமும் தனித்தனியாகப் பேசிவிட்டேன். ஏழு வருடத்தில் சண்டை போட்டு நாலைந்து மாதம் பேசாமல் இருந்தவர் ஒருவர் உண்டு, ஏசி டெம்பரேச்சர் சண்டை, நம்ப மாட்டீர்கள். அவரிடமும் போய், என்ன இருந்தாலும் மனசில் வைக்காதீங்க என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குக் காய்ச்சல் வந்தபோது நீதானே கஞ்சி வைத்துக் கொடுத்தாய் என்றார். அது எனக்கு மறந்தே போயிருந்தது.

வண்டி வந்தது ஒரு புதன்கிழமை சாயங்காலம், வேலை பஸ் திரும்பி வருவதற்கு முன்பு. ரூமில் நைட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒருவர் மட்டும்தான் இருந்தார், அவர்தான் பெட்டியைத் தூக்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பேசியிருக்காவிட்டால் ஆறு பேரிடம் சொல்லாமலே வந்திருப்பேன்.

சாமானைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை முதல் இரண்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் நம் வீட்டு வேலை நம்மை இழுத்துவிடும், அங்கே அவர்கள் எதிர்பார்த்துக்கொண்டே இருப்பார்கள், கேட்கவும் கூச்சப்படுவார்கள். கொரியரில் அனுப்பலாம், ஆனால் போய்க் கொடுப்பதைத்தான் ரூம்காரன் நினைத்துக் கொடுத்தனுப்புகிறான். அந்த வீட்டுக்காரர்களுக்கு நாம் அவனோடு ஒரே கூரையில் தூங்கி எழுந்த ஆள். அதனால் கேள்வி மேல் கேள்வி வரும். சாப்பாடு எப்படி, ரூமில் எத்தனை பேர், குடிக்கிறானா, ஏன் லீவு போட மாட்டேன் என்கிறான். கிளம்பும் முன் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து, உன் வீட்டில் என்ன தெரியும், என்ன தெரியாது என்று கேட்டுக்கொண்டேன். ஒரு தம்பி வீட்டில் சூப்பர்வைசர் என்று சொல்லியிருக்கிறான், வேலை ஹெல்பர். அதை நான் போய் உடைக்க வேண்டியதில்லை, சைட்டில் எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும் என்று சொன்னேன், அது உண்மை. ஆனால் உடம்பு விஷயத்தில் மட்டும் மறைக்க ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். ஒருவருக்கு சர்க்கரை கூடி மாத்திரை எடுக்கிறார், வீட்டில் சொல்லவில்லை. நான் போவதற்குள் நீங்களே சொல்லிவிடுங்கள் மாமா என்றேன். நான் பட்டுக்கோட்டை பக்கம் அவர் வீட்டுக்குப் போன அன்று காலையில்தான் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார். அத்தை அழுதபடிதான் கதவைத் திறந்தார்கள். எத்தனை மாத்திரை, எந்த நேரம், சோறு எவ்வளவு சாப்பிடுகிறார், மெஸ்ஸில் அவருக்குச் சப்பாத்தி போட ஆள் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள், எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சப்பாத்திக்கு இல்லை என்றேன். அங்கேயே உட்கார்ந்து அறந்தாங்கி அண்ணனுக்குப் போன் போட்டு, மாமாவுக்கு ராத்திரி மட்டும் மெஸ்ஸில் கோதுமைக்கு ஏற்பாடு பண்ணச் சொன்னோம். மாதம் இருபது திர்ஹம் கூடுதலாக ஆகும் என்றார், அத்தை சரி என்று சொல்லிவிட்டார்கள்.